ஆளுக்கொரு ஸ்லைடு வேண்டாம்

சங்கப் பாடல்கள் பற்றிய முன்னாய்வுகளைக் கருத்தரங்கில் சொல்ல வரும் மாணவர், பெரும்பாலும் கைலாசபதி (1968), ஹார்ட் (1975), டீக்கன் (2001) என்று ஆளுக்கொரு ஸ்லைடு போடுகிறார். மூன்று நூல்களின் சுருக்கம் கிடைக்கிறது; அவர்களுக்குள் என்ன வழக்கு என்பது தெரிவதில்லை.

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேலே ஆசிரியர் பெயர்கள், இடப்பக்கம் கேள்விகள். ‘இவை வாய்மொழிப் பாடல்களா?’ என்ற வரிசையில் கைலாசபதி ஆம் என்கிறார். பாணர் மரபைப் பின்பற்றிப் புலவர்கள் இயற்றியவை என்கிறார் ஹார்ட். பாண்டியர் காலத்தில், எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட காவியக் கலை என்கிறார் டீக்கன். அடுத்த வரிசை, பிராகிருதத் தொடர்பு. இங்கே ஹார்ட்டும் டீக்கனும்தான் நேருக்கு நேர் மோதுகிறார்கள்: ஒருவர் பொதுவான தக்காண நாட்டார் மரபைக் காண்கிறார், மற்றவர் தமிழ் கடன் வாங்கியது என்கிறார். ஒவ்வொரு வரிசையும் ஒரு ஸ்லைடு. ஒரே ஆசிரியர் இரண்டு ஸ்லைடுகளில் வந்தால் தவறில்லை, வரத்தான் வேண்டும்.

தலைப்புகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். ஆள் பெயராக இருந்தால் திருத்துங்கள். கேள்வியாக இருந்தால் மேடை ஏறலாம்.