ஏழரைக்குச் சொல்கிறோம்

டீயை ஆற்றிக்கொண்டே ஒரு சின்ன இணைய நிறுவனத்தைக் கற்பனை செய்வோம். முதலாளி, இரண்டு லைன்மேன்கள், போன் எடுக்க ஒரு பெண். ஊரில் எழுநூறு வீடுகளுக்கு இணைப்பு. ஒரு மாலை 6.40-க்கு இரண்டு தெருக்களில் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஐந்தே நிமிடத்தில் போன் ஓயாமல் அடிக்கத் தொடங்குகிறது.

முதலாளிக்குக் காரணம் தெரியாது. ஆனாலும் இப்போதே ஏதாவது சொல்லியாக வேண்டும். பந்தியில் சோறு வரத் தாமதமானால், உலை கொதிக்கிறது என்று யாராவது வந்து சொல்வார்களே, அந்த மாதிரி இடைக்காலத் தகவல் இது.

நாம் எல்லோரும் தவறுவது இங்கேதான். வாடிக்கையாளர் கேட்பது இரண்டு: ஏன் போனது, எப்போது வரும். அந்த இரண்டுக்கும் பதில் சொல்வதுதான் அறிவிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால் ஒன்று, வாயே திறப்பதில்லை. இல்லையென்றால் “ரோட்டில் ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்” என்று அடித்துவிடுகிறோம். இரண்டாவதுதான் மோசம்.

ஏனென்று பார்ப்போம். கண்ணாடி இழைக் கேபிள் எங்கே அறுந்தது என்பதை ஓடிடிஆர் என்ற கருவி சொல்லும். கிணற்றுக்குள் கூவி, எதிரொலி வரும் நேரத்தை வைத்து ஆழம் கணிப்பது போல, அது இழைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளக்கும். 2,300 மீட்டர் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அது கேபிளின் நீளம், சாலையின் நீளமல்ல. கம்பத்துக்குக் கம்பம் உபரியாகச் சுருட்டிக் கட்டிய கேபிளும் அதில் சேரும். லைன்மேன் அந்தச் சுருள்களைக் கழித்துக் கணக்குப் போட்டுத் தேடிப் போனால், ஜேசிபி நின்ற இடத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே, இணைப்புப் பெட்டிக்குள் எலி கடித்திருக்கும். இனி ஜேசிபிக்காரரிடம் என்ன சொல்வது?

ஆகவே 6.55-க்குப் போகவேண்டிய செய்தி இவ்வளவுதான்:

“மாலை 6.40 முதல் கோவில் தெரு, பள்ளிக்கூடத் தெருவில் இணையம் வரவில்லை. மற்ற தெருக்களில் வேலை செய்கிறது. காரணம் இன்னும் தெரியவில்லை. ஆட்கள் கேபிளைச் சோதிக்கிறார்கள். மோடத்தை ரீசெட் செய்ய வேண்டாம். சிரமத்துக்கு மன்னிக்கவும். சரியானாலும் ஆகாவிட்டாலும் 7.30-க்கு அடுத்த தகவல் தருகிறோம்.”

கவனித்தீர்களா? எப்போது சரியாகும் என்ற வாக்கு இதில் இல்லை. எப்போது மறுபடி பேசுவோம் என்ற வாக்குதான் இருக்கிறது. எலியும் மழையும் நம் கையில் இல்லை, 7.30-க்கு ஒரு செய்தி அனுப்புவது நம் கையில் இருக்கிறது.

ரீசெட் வரியைச் சிலர் தேவையற்றது என்பார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்த வரி. பொறுமையிழந்தவர் ஊசியால் அந்தச் சின்னத் துளையை அழுத்தினால், பல மோடங்களில் இணைப்பின் பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துவிடும். இரவு கேபிளை ஒட்டி முடித்த பிறகும் அந்த வீட்டில் மட்டும் இணையம் வராது.

7.30 ஆகப்போகிறது. பெட்டியை இன்னும் கண்டுபிடிக்கவில்லை. “பழுது சுமார் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாகத் தெரிகிறது, தேடுகிறோம், 8.15-க்கு மீண்டும் சொல்கிறோம்” என்று போன் எடுக்கும் பெண் அனுப்புகிறார். மணி 7.29.