உஷார்! முப்பது நாள் டிராஃபிக்கை நம்பி சர்வரை அணைக்காதீர்கள்

சம்பள சர்வரை கிளவுடுக்கு மாற்றப் போகிறீர்களா? ஜூன் முழுக்க ஃப்ளோ லாக் எடுத்தாயிற்று, யார் யார் வந்து போகிறார்கள் என்று படமும் வரைந்தாயிற்று, ஜூலை நடுவில் பழைய சர்வரை அணைத்துவிடலாம் என்பது திட்டமா? நிறுத்துங்கள்!

ஜூலை 31 காலாண்டு டிடிஎஸ் அறிக்கைக்குக் கடைசி நாள். கணக்குப் பிரிவு அம்மா ஒரு எக்செல் கோப்பைத் திறந்து ரிஃப்ரெஷ் அழுத்துவார். சம்பள விவரம் டேட்டாபேஸிலிருந்து நேராக வந்து விழும். முந்தைய முறை அதை அழுத்தியது மே மாதக் கடைசியில். உங்கள் ஜூன் லாகில் அவர் எப்படி இருப்பார்? அந்தக் கோப்புக்குள் பழைய சர்வரின் ஐபி முகவரி அப்படியே எழுதியிருக்கும். டிஎன்எஸ்ஸில் பெயரை மாற்றினாலும் அதற்கு எட்டாது. அறிக்கை தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம், திட்டு தனி.

இந்தக் கட்டளையை மட்டும் ஓட்டிவிட்டு திருப்தியடைகிறவர்கள் இன்னும் மோசம்:

```
ss -tn state established '( sport = :3306 )'
```

அந்த நொடியில் திறந்திருக்கும் இணைப்புகளை மட்டுமே இது காட்டும். நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டினாலும், ஐந்து நொடியில் வேலையை முடித்துப் போகும் எக்செல் பெரும்பாலும் தப்பிவிடும். மைஎஸ்க்யூஎல் என்றால் இதையும் கேளுங்கள்:

```
SELECT HOST, TOTAL_CONNECTIONS
FROM performance_schema.hosts;
```

பர்ஃபாமன்ஸ் ஸ்கீமா இயங்கிக்கொண்டிருந்தால், சர்வர் கடைசியாக ரீஸ்டார்ட் ஆன நாளிலிருந்து வந்துபோன முகவரிகள் இதில் கிடைக்கும். போன வாரம் ரீஸ்டார்ட் செய்திருந்தால் இதுவும் வெறும் ஒரு வாரக் கதைதான். நடுவே நாட் அல்லது லோடு பேலன்ஸர் இருந்தால் பத்து பேர் ஒரே முகவரியாகத் தெரிவார்கள். அந்த ஒன்றைப் பார்த்து ஒருவர்தான் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆகவே ஆட்களிடம் போய்த்தான் ஆக வேண்டும். “என்னென்ன சிஸ்டம் பயன்படுத்துகிறீர்கள்?” என்று மொட்டையாகக் கேட்டால், தினமும் திறப்பதை மட்டும் சொல்வார்கள். எக்செல்லை யாரும் சிஸ்டம் என்று நினைப்பதில்லை. “போன டிடிஎஸ் அறிக்கைக்குக் கணக்கு எங்கிருந்து எடுத்தீங்க மேடம்? ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்” என்று பக்கத்தில் உட்காருங்கள். அவர் அழுத்தும்போது உங்கள் ஆள் லாகைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். புதிதாக ஒரு முகவரி எட்டிப் பார்த்தால் படத்தில் சேருங்கள். எதுவும் வராவிட்டால் நிம்மதி அடையாதீர்கள்: அவர் வேறொருவர் மெயிலில் அனுப்பும் கோப்பைப் பயன்படுத்தக்கூடும். அப்போது அந்த வேறொருவரைத் தேடிப் போங்கள். பிஎஃப், போனஸ், ஆண்டுக் கணக்கு, தணிக்கை ஒவ்வொன்றுக்கும் இதே கேள்விதான்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய சர்வரை உடனே அழிக்க வேண்டாம். மாற்றம் முடிந்ததும் ஃபயர்வாலில் 3306-ஐ அடைத்து, தட்டுகிறவர்களின் முகவரியைப் பதிவு செய்ய விடுங்கள். அக்டோபர் 31-இல் அடுத்த காலாண்டு அறிக்கை போய்ச் சேரும்வரை அந்தப் பதிவைத் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும்.