ஒரே சேதி, மூன்று தாள்

நகராட்சி வரி வசூல் மையம் ஒன்றில் வசூல் நேரம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதுவரை காலை 10 மணிக்குத் திறந்து பிற்பகல் 3 மணிக்கு மூடிய கவுண்டர், 01.06.2026 திங்கள்கிழமை முதல் 9.30க்குத் திறந்து 2.30க்கு மூடும். சேதி அவ்வளவுதான். ஆனால் இதற்காக அந்த அலுவலகம் மூன்று தாள்களை எழுத வேண்டி வரலாம். வாசலில் ஒட்ட ஓர் அறிவிப்பு. பிரிவுகளுக்கு அனுப்ப ஒரு சுற்றறிக்கை. அடுத்த வாரம் ஒருவர் கவுண்டரை நேரத்துக்குத் திறக்கவில்லை என்றால் அவருக்கு ஒரு குறிப்பாணை, நாம் வழக்கமாகச் சொல்லும் மெமோ.

மூன்றும் ஒரே மேசையில், பெரும்பாலும் ஒரே எழுத்தர் கையால் வரைவு செய்யப்படுபவை. அதனாலேயே ஒன்றின் குரல் இன்னொன்றில் ஏறிவிடுகிறது. ஊருக்குச் சொல்ல வேண்டியது உத்தரவு போல ஒலிக்கிறது, எல்லோருக்கும் போக வேண்டியதில் ஒருவர் மீதான கோபம் எட்டிப் பார்க்கிறது, ஒருவரிடம் கேள்வி கேட்க வேண்டிய தாள் தீர்ப்பே எழுதிவிடுகிறது.

முதலில் வாசல் தாள். அதைப் படிப்பவர் நின்றுகொண்டு படிக்கிறார். கையில் பை, பின்னால் வரிசை, கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவராகவும் இருக்கலாம். அவருக்குத் தெரிய வேண்டியது எந்தத் தேதி, எந்த நேரம் என்பது மட்டுமே. பல அலுவலக வாசல்களில் தொங்கும் அறிவிப்போ இப்படித் தொடங்குகிறது: ‘மேற்படி அலுவலகத்தில் நடைமுறையில் இருந்துவரும் வரி வசூல் நேரமானது நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு மாற்றியமைக்கப்பட்டுள்ளதால்...’ நேரம் எத்தனை மணி என்பது நான்காவது வரியில்தான் வரும். அதற்குள் படித்தவர் பக்கத்தில் நிற்பவரிடம், “என்ன சார் போட்டிருக்கு?” என்று கேட்டிருப்பார்.

அதே அறிவிப்பு இப்படி இருந்தால் போதும்: ‘01.06.2026 திங்கள் முதல் வரி செலுத்தும் நேரம்: காலை 9.30 முதல் பிற்பகல் 2.30 வரை.’ கீழே ஆணையர் பெயரில் ஒப்பம். இந்தத் தாளின் மரியாதை சுருக்கத்திலும் பெரிய எழுத்திலும் இருக்கிறது. கெஞ்சவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். ‘மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற வரியைப் பழக்கதோஷத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. வரி கட்ட வந்தவர் எதை மீறப்போகிறார்?

அறிவிப்பு படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்ட விஷயம். தொழிற்சாலைகளில் வைக்க வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, அங்குள்ள பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றும், முதன்மை நுழைவாயிலிலோ அதன் அருகிலோ கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்றும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 108ஆவது பிரிவில் சொன்னது. எங்கே ஒட்டுவது, எந்த மொழியில் எழுதுவது என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அறிவிப்பு.

சுற்றறிக்கையைப் படிப்பவர் உட்கார்ந்து படிப்பவர். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுபவர். நாளைக்கே, “எனக்குத் தெரியாது” என்று அவர் சொல்ல முடியாது. ஆகவே அவருக்கு எழும் சந்தேகங்களுக்கு அந்தத் தாளே பதில் சொல்ல வேண்டும். மேலே ந.க. எண், நாள். அடுத்து ‘பொருள்’. அதற்கும் கீழே ‘பார்வை’, அதாவது இந்த விஷயத்தில் முன்பு வந்த கடிதம் அல்லது சுற்றறிக்கையின் எண்ணும் தேதியும். பார்வையை ஒரு சடங்காக நினைக்கிறோம். ஆனால், பழைய சுற்றறிக்கை இன்னும் செல்லுமா என்ற கேள்விக்கு விடை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ‘பார்வையில் காணும் சுற்றறிக்கை இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது’ என்ற ஒரு வரி விடுபட்டால், இரண்டு சுற்றறிக்கைகளும் கோப்பில் உயிரோடு இருக்கும். தனக்குச் சாதகமானதை ஒவ்வொருவரும் எடுத்துக் காட்டுவார்கள்.

நம் வசூல் மையத்துக்கு வருவோம். சுற்றறிக்கையில் நேரம் மட்டும் இருந்தால் போதாது. 9.30க்கு கவுண்டர் திறக்க வேண்டும் என்றால் காசாளர் எத்தனை மணிக்கு வர வேண்டும், 2.30க்கு வரிசையில் நிற்பவர்களை என்ன செய்வது, அன்றைய வசூலை எத்தனை மணிக்குள் வங்கியில் செலுத்த வேண்டும், காசாளர் விடுப்பில் இருந்தால் யார் உட்காருவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காரணமும் ஒரு வரி இருப்பது நல்லது: ‘வசூல் தொகையை அன்றைய தினமே வங்கியில் செலுத்த ஏதுவாக.’ காரணம் தெரிந்த ஊழியருக்கு நேர மாற்றம் யாரோ ஒருவரின் விருப்பமாகத் தெரியாது.

தமிழில் இந்தத் தாள்களின் தொனி வினைமுற்றில்தான் குடியிருக்கிறது. ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்றால் அழைப்பு. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்றால் கொஞ்சம் விலகி நின்று சொல்வது. ‘அறிவுறுத்தப்படுகிறார்கள்’ என்றால் செய்தாக வேண்டும். ‘எச்சரிக்கப்படுகிறார்கள்’ என்று வந்துவிட்டால், ஏற்கெனவே ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பொருள். வாசல் அறிவிப்புக்கு முதலாவது போதும், பல நேரம் அதுவும் தேவைப்படாது. சுற்றறிக்கையின் இயல்பான இடம் ‘அறிவுறுத்தப்படுகிறார்கள்’. நான்காவதைச் சுற்றறிக்கையில் எழுதினால், இன்னும் எதுவுமே செய்யாத எல்லோரையும் குற்றவாளிகளாக நிறுத்திவிடுகிறோம்.

நான் பார்த்தவரை சுற்றறிக்கைகள் அதிகம் கெட்டுப்போவது சாடையால். ‘சில பணியாளர்கள் தொடர்ந்து காலதாமதமாக வருவது கவனத்திற்கு வந்துள்ளது’ என்று தொடங்கும் சுற்றறிக்கை எந்த அலுவலகத்தில் வந்தாலும், அந்தச் ‘சில பணியாளர்கள்’ யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் அது ஒரே ஒருவர்தான். அவரை நேரில் கூப்பிட்டுக் கேட்க மனமில்லாத அதிகாரி முப்பது பேருக்குச் சேர்த்து எழுதிவிடுகிறார். நேரத்துக்கு வந்துகொண்டிருந்த இருபத்தொன்பது பேர் மனம் கசந்து கையெழுத்திடுகிறார்கள். சம்பந்தப்பட்டவரோ, தன் பெயர் எங்கும் இல்லாததால் நிம்மதியாகக் கையெழுத்திடுகிறார். நாளை அவர் மீது நடவடிக்கை எடுக்க நேர்ந்தால் அந்தச் சுற்றறிக்கை, விதி அவருக்குத் தெரியும் என்பதற்கு மட்டுமே சான்றாகும். அவர் தவறினார் என்பதற்கு ஆகாது. ஒருவர் செய்த தவறு என்றால் அவருக்குத்தான் எழுத வேண்டும்.

அதற்கு உரியது குறிப்பாணை. ‘மெமோ கொடுத்துட்டாங்க’ என்றாலே வீட்டில் சோறு இறங்காது. உண்மையில் எல்லாக் குறிப்பாணையும் தண்டனை சார்ந்தது அல்ல. தலைமை அலுவலகம் கீழ் அலுவலகத்திடம் ஓர் அறிக்கை கேட்பதும் குறிப்பாணையாக வரலாம். மத்திய அரசின் அலுவலகக் குறிப்பாணை படர்க்கையில் எழுதப்படுவது. அதில் ‘அன்புடையீர்’ என்ற விளி இல்லை, ‘தங்கள் உண்மையுள்ள’ என்ற முடிப்பும் இல்லை. ஒப்பமிடும் அதிகாரியின் பெயரும் பதவியும் மட்டுமே. உணர்ச்சியை வெளியே நிறுத்திவிட்டு விஷயத்தை மட்டும் உள்ளே விடும் வடிவம் அது. விளக்கம் கேட்கும் குறிப்பாணைக்கும் அந்த வறட்சிதான் பாதுகாப்பு, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும்.

08.06.2026 அன்று 2ஆம் எண் கவுண்டர் தாமதமாகத் திறந்தது என்று வைத்துக்கொள்வோம். கோபத்தோடு எழுதிய வரைவு இப்படிப் போகும்: ‘தாங்கள் பணியில் மெத்தனமாகவும் பொறுப்பற்ற முறையிலும் வழக்கம்போல் தாமதமாக வந்து பொதுமக்களை அலைக்கழித்துள்ளீர்கள்.’ இதில் எத்தனை மணிக்கு வந்தார் என்பதே இல்லை. ‘வழக்கம்போல்’ என்பதற்கு ஆதாரம் இல்லை. ‘மெத்தனம்’, ‘பொறுப்பற்ற’ என்பவை விசாரணைக்குப் பிறகு எட்ட வேண்டிய முடிவுகள்.

சரியான வரைவு இப்படி இருக்கும்: ‘08.06.2026 அன்று காலை 9.30 மணிக்குத் திறக்கப்பட வேண்டிய 2ஆம் எண் கவுண்டர் 10.05 மணிக்குத் திறக்கப்பட்டதாக வசூல் பிரிவுக் கண்காணிப்பாளர் தெரிவித்துள்ளார். அன்றைய முதல் ரசீது 10.07 மணிக்குப் போடப்பட்டுள்ளது. இது குறித்துத் தங்களது எழுத்துப்பூர்வமான விளக்கத்தினை இக்குறிப்பாணை கிடைத்த 3 நாட்களுக்குள் அளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ தேதி, நேரம், சொன்னவர், பதிவு, கெடு. பெயரடை ஒன்றுகூட இல்லை. பெற்றவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெளிவு. ஒருவேளை அன்று கணினி இயங்காமல் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல இந்த வரைவு இடம் வைத்திருக்கிறது. முந்தைய வரைவு அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சு அல்ல. ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் என்ற கடல்பொருள் ஏற்றுமதி நிறுவனத்தின் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதைத்தான் தொட்டது. காரணம் கேட்டு அனுப்பிய அந்தத் தாளிலேயே, குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிவிட்டது என்ற தொனியில் அதிகாரி எழுதியிருந்தார். விளக்கம் கேட்கும் கட்டத்தில் அதிகாரியின் மனம் திறந்திருக்க வேண்டும் என்றும், முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டு விளக்கம் கேட்பது வெறும் சம்பிரதாயம் ஆகிவிடும் என்றும் சொல்லி, அந்தத் தாளையும் அதன் பேரில் பிறப்பித்த உத்தரவையும் நீதிமன்றம் ரத்து செய்தது. கேள்வியாக இருக்க வேண்டிய வாக்கியம் தீர்ப்பாக இருந்ததால் முழு நடவடிக்கையும் விழுந்தது.

எப்படிக் கொடுக்கிறோம் என்பதும் தொனியின் பகுதிதான். அறிவிப்பு சுவருக்குப் போகலாம், சுற்றறிக்கையை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடலாம். ஒருவருக்கான குறிப்பாணையைக் குழுவில் போடுவது அவமானப்படுத்துவது. அதை உறையிலிட்டு, உரியவர் கையில் கொடுத்து, ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். எவ்வளவு நிதானமாக எழுதிய குறிப்பாணையும் நாற்பது பேர் பார்க்கும் திரையில் வந்தால் சாட்டையடிதான்.

குறிப்பாணை பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிலை அதே வறட்சியில் எழுதுங்கள்: நடந்தது என்ன, எத்தனை மணிக்கு, எந்தப் பதிவில் இருக்கிறது என்பதோடு நிறுத்துங்கள். அதிகாரியின் குணத்தைப் பற்றி எழுத வேண்டாம். கெடு போதவில்லை என்றால் கெடுவுக்குள்ளேயே எழுத்தில் கூடுதல் அவகாசம் கேளுங்கள். பேசாமல் இருந்துவிட்டால், ‘சொல்வதற்கு ஏதுமில்லை எனக் கருதி’ மேல்நடவடிக்கை தொடரும். விளக்கத்தைக் கொடுக்கும்போது உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.