நாளைக்கு இருபத்தைந்தா, சவாரிக்கு மூன்றரையா?

பெங்களூருவில் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கு 2022ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் நன்றாக நினைவிருக்கும். குறைந்தபட்ச மீட்டர் கட்டணம் 30 ரூபாய் இருந்த ஊரில் ஆப்கள் நூறு ரூபாய் வரை வாங்குகின்றன என்று பயணிகள் புகார் செய்ய, போக்குவரத்துத் துறை நோட்டீஸ் அனுப்பியது. கர்நாடக அரசு தலையிட்டு, மீட்டர் கட்டணத்துக்கு மேல் 5 சதவீதமும் ஜிஎஸ்டியும்தான் சேர்க்கலாம் என்று உத்தரவு போட்டது. அதே சமயத்தில், நவம்பரில், ஆட்டோ ஓட்டுநர் சங்கம் ஒன்றின் ஆதரவோடு ‘நம்ம யாத்ரி’ என்ற ஆப் வந்தது. ஓட்டுநரிடம் கமிஷனே வாங்குவதில்லை என்பதுதான் அதன் விளம்பரம்.

கமிஷன் இல்லாமல் கம்பெனி எப்படிப் பிழைக்கும்? அதற்கான பதில் 2023இல் வந்தது. ஓட்டுநர் இரண்டு வழிகளில் ஒன்றில் பணம் கட்டலாம். ஒன்று, நாளைக்கு 25 ரூபாய் கட்டிவிட்டு எத்தனை சவாரி வேண்டுமானாலும் எடுப்பது. இன்னொன்று, சவாரிக்கு 3 ரூபாய் 50 காசு. ஒரு நாளில் பத்து சவாரி வரைக்கும்தான் இது உண்டு, பதினொன்றாவதிலிருந்து இலவசம். அதாவது எவ்வளவு ஓட்டினாலும் அன்றைய செலவு 35 ரூபாயைத் தாண்டாது. பிறகு ராபிடோவும் ஊபரும் ஆட்டோக்களுக்குக் கமிஷனை விட்டுவிட்டு இந்த ‘சப்ஸ்கிரிப்ஷன்’ பக்கம் வந்தன. ஊபர் மாறியது 2025 பிப்ரவரியில்.

ஆட்டோக்காரரை யாரும் ‘பிசினஸ் வாடிக்கையாளர்’ என்று சொல்வதில்லை. ஆனால் சொந்தமாக வண்டி, கேஸ் செலவு, வங்கித் தவணை, இன்சூரன்ஸ் என்று கணக்குப் பார்த்து நடத்துகிற தொழில் அது. மென்பொருளுக்கு மாதா மாதம் காசு கட்டுகிற மளிகைக் கடைக்காரரும், சரக்கு அனுப்பக் கூரியர் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட ஜவுளிக்காரரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆட்டோவில் எண்கள் சின்னவை என்பதால் கணக்கு பளிச்சென்று தெரிகிறது.

முதல் பார்வையில் விடை எளிது. 25ஐ 3.50ஆல் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேலே வருகிறது. ஏழு சவாரி வரை எண்ணிக்கைக் கணக்கு மலிவு, எட்டாவதிலிருந்து நாள் கட்டணம் மலிவு. ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். தகராறு அடுத்த கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது: நீங்கள் நாளைக்கு எத்தனை சவாரி அடிக்கிறீர்கள்? “சராசரியா எட்டு இருக்கும்” என்பார்கள். அந்தச் சராசரிதான் ஆளை ஏமாற்றுவது.

ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் 6 சவாரி, செவ்வாய் 5, புதன் 9, வியாழன் 7, வெள்ளி 11, சனி 14, ஞாயிறு மத்தியானம் வரைக்கும் மட்டும் ஓட்டியதில் 3. மொத்தம் 55, சராசரி எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஏழுக்கு மேலே இருப்பதால் நாள் கட்டணமே லாபம் என்று தோன்றும். 55 சவாரியையும் மூன்றரையால் பெருக்கினால் 192 ரூபாய் 50 காசு, ஏழு நாளும் 25 கட்டினால் 175 ரூபாய். பதினேழரை ரூபாய் மிச்சம்.

ஆனால் பில் சராசரிக்கு வருவதில்லை, நாள் நாளாக வருகிறது. எண்ணிக்கைக் கணக்கில் திங்கள் 21 ரூபாய், செவ்வாய் 17.50, புதன் 31.50, வியாழன் 24.50. வெள்ளியும் சனியும் பத்தைத் தாண்டிவிட்டதால் உச்சவரம்பு வந்து தலா 35 ரூபாயோடு நிறுத்திவிடுகிறது. ஞாயிறு 10.50. கூட்டிப் பாருங்கள், அதுவும் 175தான். இரண்டு திட்டமும் ஒரே செலவு. வெள்ளிக்கிழமையின் கடைசி ஒரு சவாரியும் சனிக்கிழமையின் கடைசி நாலு சவாரியும் சராசரியை மேலே தூக்கிவிட்டன, ஆனால் எண்ணிக்கைக் கணக்கில் அவற்றுக்குக் காசே கிடையாது. மிச்சம் என்று நினைத்த பதினேழரை ரூபாய் வந்தது அங்கேயிருந்துதான்.

உச்சவரம்பு வைத்த எண்ணிக்கைத் திட்டத்தின் குணம் இது. நல்ல நாளில் நாள் கட்டணத்தைவிட அதிகபட்சம் 10 ரூபாய்தான் கூடுதலாகப் போகும். மோசமான நாளில், இரண்டே சவாரியோடு வீட்டுக்குப் போனால், 18 ரூபாய் மிச்சம். வாரத்தில் நாட்கள் ஏறியும் இறங்கியும் இருப்பவருக்கு இது வசதி. தினமும் பத்துக்குக் குறையாமல் ஓட்டுகிறவருக்கு நாள் கட்டணம்தான், அதில் சந்தேகமில்லை. அவருக்கு மாதம் 26 நாளில் 260 ரூபாய் மிஞ்சும்.

சதவீதக் கமிஷன் வேறு ரகம். அது சவாரியை எண்ணுவதில்லை, கட்டணத்தைப் பார்க்கிறது. பெங்களூருவில் 2025 ஆகஸ்ட் முதல் மீட்டர் கட்டணம் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. ஐந்து கிலோமீட்டர் சவாரிக்கு 90 ரூபாய் ஆகும். இருபது சதவீதம் பிடிக்கிற ஆப் என்றால் அதில் 18 ரூபாய் போய்விடும். இரண்டாவது சவாரியிலேயே நாள் கட்டணமான 25ஐத் தாண்டிவிடுகிறது. அதற்காக சதவீதம் எப்போதும் நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. ஸ்டாண்டில் நின்று பழகிய ஆட்களையே ஏற்றிக்கொண்டு, காலியாக இருக்கும்போது மட்டும் ஆப்பைத் திறந்து ஒரு சவாரி எடுக்கிறவர் இருக்கிறார். அவருக்கு 25 ரூபாய் முன்னால் கட்டுவதைவிட அந்த 18 ரூபாய் மலிவு. ஆப்பைத் திறக்காத நாளில் செலவே இல்லை.

சதவீதம் குறைந்தால் படம் இன்னும் மாறுகிறது. ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மூன்றரை ரூபாய் என்பது 70 ரூபாய்ச் சவாரியின் ஐந்து சதவீதம். மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நின்று இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு, ஒவ்வொரு 36 ரூபாய்க்கும் ஐந்து சதவீதம் ஒன்றே முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே, எண்ணிக்கைக் கணக்கு மூன்றரை. அவருக்குச் சதவீதம்தான் நல்லது. ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டுகிறவருக்கு நேர் எதிர். பில் எதை அளக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, அந்த அளவு நம் தொழிலில் பெரிதா சிறிதா என்று கேட்டால் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

மீதிப் பாதி, ஒரு ஆட்டோவில் எத்தனை ஆப் ஓடுகிறது என்பது. ஸ்டியரிங் பக்கத்தில் இரண்டு போன் மாட்டி மூன்று ஆப்பைத் திறந்து வைத்திருப்பவர்கள் ஏராளம். எதில் முதலில் சத்தம் வருகிறதோ அதை எடுப்பார்கள். புத்திசாலித்தனம்தான், ஆனால் நாள் கட்டணத்தோடு இது சேராது. ஒரு நாளில் ஒன்பது சவாரி, ஆப்புக்கு மூன்று என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் 25 ரூபாய்த் திட்டம் என்றால் 75 ரூபாய், சவாரிக்கு எட்டு ரூபாய்க்கு மேலே விழுகிறது. மூன்றிலும் மூன்றரைக் கணக்கு என்றால் 31 ரூபாய் 50 காசு. ஒன்பதையும் ஒரே ஆப்பில் எடுக்க முடிந்தால் 25. நாள் கட்டணம் மலிவாவது ஒரே இடத்தில் வேலையைக் குவிக்கும்போதுதான். சிதறினால் சவாரிக்கு ஏற்ற பில்லே மலிவு. ஒரு ஆப்புக்கு நாள் கட்டணம் கட்டிவிட்டு, மற்றவற்றை எண்ணிக்கையிலோ சதவீதத்திலோ வைத்துக்கொள்வது என் பார்வையில் சரியான ஏற்பாடு.

ஆட்டோ வாடகை வண்டியாக இருந்தால் இன்னொரு கவலை. வண்டிக்காரருக்கு நாள் வாடகை கொடுப்பதும் நிலையான கட்டணம்தான், ஒரு சவாரி கிடைக்காவிட்டாலும் சாயங்காலம் கொடுத்தாக வேண்டும். அதன் மேல் ஆப்புக்கும் நாள் கட்டணம் என்றால், மழையோ பந்த்தோ வந்த நாளில் இரண்டும் சேர்ந்து அடிக்கும். சொந்த வண்டிக்காரர் தாங்கக்கூடிய 25 ரூபாயை வாடகை வண்டிக்காரர் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

நாள் கட்டணத்தில் பில்லில் வராத ஒரு மாற்றமும் இருக்கிறது. கமிஷன் வாங்குகிற கம்பெனிக்கு, உங்களுக்குச் சவாரி வந்தால்தான் வருமானம். நாள் கட்டணம் வாங்குகிற கம்பெனிக்குக் காலையிலேயே காசு வந்துவிட்டது. சவாரி வராத நாளின் நஷ்டம் கம்பெனியிடமிருந்து ஓட்டுநர் பக்கம் நகர்ந்துவிடுகிறது. ஊபர் ஆட்டோவில் இது கண்கூடு. பயணி பணத்தை ஓட்டுநரிடமே ரொக்கமாகவோ யுபிஐயிலோ கொடுக்கிறார். ஆப் காட்டுவது உத்தேசக் கட்டணம், முடிவு செய்துகொள்ள வேண்டியது அவர்கள் இருவரும். ரத்துக் கட்டணம் கிடையாது. ஒரு கிலோமீட்டர் போய் நின்ற பிறகு பயணி ரத்து செய்தால், அந்தக் கேஸ் செலவு ஓட்டுநருடையது. காசு உடனே கைக்கு வருகிறது என்ற வசதிக்கு இது விலை. ரத்து அதிகமாக வருகிற பகுதியில் ஓட்டுகிறவர் இதையும் கட்டணத்தோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

‘இலவச’ சவாரி பற்றியும் ஒரு வார்த்தை. நாள் கட்டணம் கட்டியாயிற்று, இனி எடுப்பதெல்லாம் லாபம் என்ற நினைப்பு வந்துவிடும். ஆப்புக்குக் கொடுப்பதுதான் சுழியம், வண்டிக்குக் கொடுப்பது அப்படியே இருக்கிறது. 36 ரூபாய்ச் சவாரிக்காக மூன்று கிலோமீட்டர் காலியாகப் போனால், மூன்றரை ரூபாய் மிச்சப்படுத்தி அதைவிடக் கூடுதலாகக் கேஸுக்குக் கொடுத்திருப்போம்.

தேர்ந்தெடுத்த திட்டம் சரியா என்று கண்டுபிடிக்க ஒரு மாதக் கணக்கு போதும். ஆப்பில் பழைய சவாரிகளின் பட்டியல் இருக்கும். நாள் வாரியாக எண்ணிக்கையைக் காலண்டரில் குறித்து, ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு திட்டத்திலும் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதிக் கூட்டினால் தெரிந்துவிடும். எட்டுக்குக் கீழே விழுந்த நாட்கள் எத்தனை, பத்தைத் தாண்டிய நாட்கள் எத்தனை என்று பாருங்கள். மேலே சொன்ன வாரத்தில் ஏழில் நாலு நாள் எட்டுக்குக் கீழே. அன்றன்றைக்குத் திட்டத்தை மாற்றிக்கொள்ள முடிந்திருந்தால் அவருக்கு 148 ரூபாய் 50 காசோடு போயிருக்கும். ஆனால் காலையில் வண்டி எடுக்கும்போதே அன்று எத்தனை சவாரி வரும் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளி, சனியை மட்டும் நம்பிச் சொல்லலாம். கூடவே, விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 25 ரூபாய்க்கு மேல் 18 சதவீதம் வந்தால் 29 ரூபாய் 50 காசு. ஜிஎஸ்டி பதிவு இல்லாத ஓட்டுநரால் அதைத் திரும்ப எடுக்க முடியாது, முழுக்கச் செலவுதான்.

வாரப் பாஸ், மாதப் பாஸ் என்று தள்ளுபடியோடு வருபவற்றை வாங்கும் முன் வண்டியின் எஃப்சி தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. எஃப்சி காட்டுவதற்கு முன்னால் டிங்கரிங், பெயின்ட், பிரேக் என்று வண்டி சில நாள் ஷெட்டில் நிற்கும். மாதப் பாஸில் பத்து சதவீதம் குறைத்துக் கொடுத்தால், முப்பது நாளில் மூன்று நாள் வண்டி நின்றாலே அந்தத் தள்ளுபடி கரைந்துவிடும். நாலாவது நாளிலிருந்து தினமும் 25 கட்டியிருப்பதே மலிவாகிவிடும்.