மருந்தும் அளவும் – 14: எந்த எடைக்கு எவ்வளவு மருந்து?

ஜென்டாமைசின் ஊசியை ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிட்டுப் போடுவார்கள். நோயாளியின் எடை 130 கிலோ என்றால், அத்தனை கிலோவையும் கணக்கில் சேர்ப்பதா என்ற கேள்வி எழுகிறது.

இந்த மருந்து நீரில் கரையும், கொழுப்பில் சேராது. இரத்தத்திலும், செல்களுக்கு வெளியே உள்ள திரவத்திலும்தான் பரவும். ஆனால் கொழுப்புத் திசு என்பது வெறும் கொழுப்பு மட்டுமல்ல. அதற்குள்ளும் இரத்தக் குழாய்களும் திரவமும் உண்டு. ஆகவே கூடுதல் எடையில் ஒரு பங்கு மருந்தை ஏற்கிறது. அந்தப் பங்கைத் தோராயமாக 40 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறார்கள். உயரத்துக்கு ஏற்ற எடையுடன் இதைச் சேர்த்தால் கிடைப்பது 'திருத்திய எடை'.

160 செ.மீ. உயரமும் 130 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்கிட டிவைன் சூத்திரம் பயன்படுகிறது. 1974-இல் வெளியான இந்தச் சூத்திரம் பிறந்ததே ஜென்டாமைசின் பற்றிய கட்டுரையில்தான். பெண்களுக்கு 5 அடி உயரம் வரை 45.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோ. இவருக்கு அது ஏறத்தாழ 52 கிலோ. மீதி 78 கிலோவில் 40 சதவீதம் 31 கிலோ. திருத்திய எடை 83 கிலோ.

கிலோவுக்கு 5 மி.கி. என்றால் முழு எடைக்கு 650 மி.கி. ஆகும். அது சிறுநீரகத்தையும் உள்காதையையும் பாதிக்கக்கூடிய அளவு. இதனால் போன செவித்திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. உயரத்துக்கு ஏற்ற எடைக்கு 260 மி.கி.தான், கிருமி தப்பிவிடலாம். திருத்திய எடைக்கு 415 மி.கி. வருகிறது. 80 மி.கி. ஆம்பூல் ஐந்து போட்டால் கிட்டத்தட்ட அந்த அளவு.

இதே பெண்ணுக்கு வான்கோமைசின் தேவைப்பட்டால் கணக்கு மாறும். அதன் முதல் டோஸை உண்மையான எடைக்கே கணக்கிட வேண்டும். கிலோவுக்கு 20 மி.கி. வீதம் 2,600 மி.கி. வரும், உச்சவரம்பு 3,000 மி.கி. வழக்கமான 1 கிராம் இவருக்குக் கிலோவுக்கு 8 மி.கி.கூட ஆகாது. கடுமையான தொற்றில் இந்தக் குறை அபாயகரமானது. எல்லோருக்கும் ஒரே டோஸ் என்ற பழக்கம் உண்மையிலேயே தவறிப்போகும் இடம் இதுதான்.

எடை தீர்மானிப்பது பெரும்பாலும் முதல் டோஸை. அடுத்த டோஸ்களைத் தீர்மானிப்பது, சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம். அதைக் கிரியாட்டினின் அளவிலிருந்து மதிப்பிடும் காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரமும் எடையைக் கேட்கிறது. முழு எடையை இட்டால் சிறுநீரகம் இருப்பதைவிட வலுவாகத் தெரியும். உயரத்துக்கு ஏற்ற எடையை இட்டால் பலவீனமாகத் தெரியும். இங்கும் திருத்திய எடையே நடைமுறை.

இவை அனைத்தும் மதிப்பீடுகளே. ஒரே எடையுள்ள இருவரில் தசையும் கொழுப்பும் நீரும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை. அதனால் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பரிசோதிப்பது அவசியம். நாளுக்கு ஒருமுறை ஜென்டாமைசின் போட்டால், அடுத்த டோஸுக்கு முன் எடுத்த இரத்தத்தில் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் மருந்து தேங்குகிறது என்று பொருள். அடுத்த ஊசியைத் தள்ளிப்போட்டு, சிறுநீரகத்தை மீண்டும் சோதிப்பார்கள்.