வாடிக்கையாளர் இடத்தில் வைக்கப்படும் சரக்கு: உரிமை எப்போது மாறும், விலைப்பட்டியல் எப்போது எழுத வேண்டும்?

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதிகளுக்குத் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து தினமும் சரக்குகள் செல்கின்றன. இவற்றில் சில உடனே விற்கப்படுவதில்லை. வாடிக்கையாளரின் இடத்தில் வைக்கப்பட்டு, எடுத்துப் பயன்படுத்திய அளவுக்கு மட்டும் பணம் பெறப்படுகிறது. எலும்பு முறிவு அறுவை சிகிச்சைக்கான தகடுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நோயாளிக்கு எந்த அளவு பொருந்தும் என்பது அறுவை அரங்கில்தான் தெரியும் என்பதால், பல அளவுகளும் மருத்துவமனையில் தயாராக இருக்க வேண்டும்.

நாகர்கோவில் விற்பனையாளர் ஒருவர், தலா 2,000 ரூபாய் மதிப்புள்ள 100 தகடுகளை ஜனவரி 10 அன்று நெய்யாற்றின்கரை மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்புவதாகக் கொள்வோம். அன்று விற்பனை நடைபெறவில்லை. எனவே விலைப்பட்டியலுக்குப் பதிலாக டெலிவரி சலானும், மாநில எல்லையைக் கடப்பதாலும் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பதாலும் இ-வே பில்லும் சரக்குடன் செல்ல வேண்டும்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவின்படி, இத்தகைய சரக்கை வாங்குபவர் ஏற்றுக்கொள்ளும்போதோ, தமதாக்கிக் கொள்ளும் செயலைச் செய்யும்போதோ உரிமை அவருக்கு மாறுகிறது. பிப்ரவரி 5 அன்று 30 தகடுகள் பயன்படுத்தப்பட்டால், அந்த 30 தகடுகளின் உரிமை மட்டுமே அன்று மாறும். அவற்றுக்கான 60,000 ரூபாய்க்கு ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரியுடன் அப்போதே விலைப்பட்டியல் வழங்க வேண்டும். மீதமுள்ள 70 தகடுகள் விற்பனையாளருடையவை. அவரது கையிருப்புக் கணக்கிலேயே இருக்க வேண்டும்.

இந்த நிலை காலவரையின்றித் தொடர முடியாது. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 31(7) பிரிவு, சரக்கு அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்தை உச்ச வரம்பாக வைத்துள்ளது. ஜூலை 10-க்குள் பயன்படுத்தப்படாத தகடுகளைத் திரும்பப் பெறாவிட்டால், அவை அலமாரியில் அப்படியே இருந்தாலும் விலைப்பட்டியல் எழுதி வரி செலுத்த வேண்டும்.

சிக்கல் பெரும்பாலும் இங்குதான் எழுகிறது. மருத்துவமனை பயன்பாட்டு விவரத்தை மாத இறுதியில் மொத்தமாக அனுப்பினால், முன்பே வழங்கியிருக்க வேண்டிய விலைப்பட்டியல் தாமதமாகும். புதிய சரக்கைப் பழையதுடன் கலந்து வைத்தால், எந்தத் தகடு எந்தச் சலானில் வந்தது என்பதும், அதன் ஆறு மாதம் எப்போது முடிகிறது என்பதும் தெரியாமல் போகும். சலான் எண் வாரியாக மாதந்தோறும் இருப்பை எண்ணி, இரு தரப்பும் கையொப்பமிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

தகடுகள் தொலைந்தாலோ அழிந்தாலோ, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாத வரை, இழப்பு பொதுவாக உரிமையாளரையே சாரும். அவற்றின் கொள்முதலுக்குப் பெற்ற உள்ளீட்டு வரி வரவையும் விற்பனையாளர் திருப்பிச் செலுத்த நேரிடும். ஆகவே இழப்புக்கு யார் பொறுப்பு, காப்பீடு யாருடையது என்பதைச் சரக்கு எல்லையைக் கடக்கும் முன்பே எழுத்தில் பதிவு செய்வது அவசியம்.