ஒரு நொடித் தயக்கம்

இணையப் பக்கம் சில நேரம் மட்டும் ஒரு நொடி நின்று திறக்கிறதா? முதல் பாக்கெட் வழியில் தொலைந்திருக்கலாம்.

டிசிபி இணைப்பு மூன்று செய்திகளில் அமைகிறது. நம் கணினி 'சின்' அனுப்பும்; சர்வர் 'சின்-ஆக்' என்று பதில் தரும்; நாம் 'ஆக்' சொல்வோம். சின் தொலைந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது? எதிர்முனையின் தூரம் இன்னும் அளக்கப்படவில்லை. அதனால் 2011இல் வந்த ஆர்எஃப்சி 6298, ஒரு நொடி என்று வைத்தது. மறுபடியும் தொலைந்தால் காத்திருப்பு இரண்டு நொடி, பிறகு நான்கு. இணைப்பு அமைந்தபின் போய்வரும் நேரம் தெரிந்துவிடும். இழப்பு பெரும்பாலும் விரைவில் சரிசெய்யப்படும். தயக்கத்தின்போது `ss -tan` கட்டளையில் `SYN-SENT` தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

தொலைபேசி உரையாடலுக்கு இந்தப் பிடிவாதம் ஆகாது. தொலைந்த ஒரு துண்டுக்காக டிசிபி பின்னால் வந்த பேச்சையெல்லாம் நிறுத்திவைக்கும். யூடிபியோ வந்ததை உடனே கொடுத்துவிடும். 20 மில்லிநொடிப் பேச்சு போனால் காது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.